முறியாத தொடையெலும்பும் முறிந்த கையும்: எலும்பில் பரவிய மார்பகப் புற்றுநோயில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டாரத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்து வந்த 54 வயதுப் பெண்மணி ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் வீட்டில் பேசுவது தமிழ். மேற்பார்வையாளர்களிடமும் மருத்துவமனைகளிலும் பேசுவது தமிழ் கலந்த மலையாளம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டரை ஆண்டுகள் தவறாமல் சாப்பிட்டவர், மாத்திரை வாங்க மலையிறங்கிப் போய்வர ஒரு நாள் கூலி போவதாலும், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாததாலும் அதை நிறுத்திவிட்டார். நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எங்களிடம் வருவதற்குப் பத்து வாரங்களுக்கு முன் வலது முழங்காலில் வலி தொடங்கியது. வேறு இடங்களில் இரண்டு முறை முழங்கால் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இரண்டிலும் வயதுக்கேற்ற சிறு தேய்மானத்தைத் தவிர ஒன்றுமில்லை என்பதால் தேய்மான வலிக்குரிய மாத்திரைகள் தரப்பட்டன. தொடையெலும்பின் மேற்பகுதியில் உள்ள நோய் முழங்கால் வலியாகத் தெரிவது மருத்துவக் கல்லூரியின் முதல் ஆண்டுகளிலேயே கற்பிக்கப்படும் செய்திதான். ஆனால் நோயாளி முழங்காலைத் தொட்டுக் காட்டும்போது கண் அங்கேயே நின்றுவிடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர் என்ற தகவல் அந்தச் சீட்டுகள் எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

சேர்க்கை நாளில் கண்டவை

திங்கட்கிழமை காலை ஜீப்பில் வந்திறங்கியவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே அழைத்து வந்தார்கள். அவர் சொன்ன பழைய நோய் வரலாற்றைக் கேட்டதும் இளநிலை மருத்துவர் இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரை தொடையெலும்பு முழுவதையும் படமெடுக்கச் சொன்னார். இந்த நிகழ்வில் சரியாக நடந்த முதல் செயல் அதுதான். வலது தொடையெலும்பில், சிறிய ட்ரோகாண்டர் என்னும் உட்புடைப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே தொடங்கி ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு எலும்பு கரைந்திருந்தது. புது எலும்பு படிந்ததற்கான வெண்மை எதுவும் இல்லாத, முற்றிலும் கரைவு வகையான புண். அகலத்தில் அது எலும்பின் விட்டத்தில் பாதியளவு இருந்தது.

இத்தகைய எலும்பு முறியுமா, முறியாமல் தாங்குமா என்பதை மதிப்பிடப் பெரும்பாலான இடங்களில் பயன்படுவது 1989-இல் மிரெல்ஸ் வெளியிட்ட மதிப்பெண் முறை. புண் இருக்கும் இடம், வலி, புண்ணின் தன்மை, அளவு ஆகிய நான்குக்கும் ஒன்று முதல் மூன்று வரை எண் தரப்படும். கை எலும்புக்கு 1, கால் எலும்புக்கு 2, ட்ரோகாண்டர் சுற்றுப்பகுதிக்கு 3. லேசான வலிக்கு 1, மிதமான வலிக்கு 2, இயங்கும்போது வரும் வலிக்கு 3. வெண்மையேறிய புண்ணுக்கு 1, கலப்புக்கு 2, கரைந்த புண்ணுக்கு 3. எலும்பின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவென்றால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை 2, அதற்கு மேல் 3. கூட்டுத்தொகை 7 அல்லது குறைவாக இருந்தால் கதிர்வீச்சு போதும், 9 அல்லது அதிகமென்றால் முறியும் முன்பே கம்பி வைக்க வேண்டும், 8 என்றால் மருத்துவர் தம் அறிவைக் கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பது வழக்கம்.

இளநிலை மருத்துவர் அன்று மாலை போட்ட கணக்கு இது: கால் எலும்பு 2, வலி 1, கரைவு 3, அளவு 2, ஆக மொத்தம் 8. வலிக்கு ஒன்று தந்ததற்குக் காரணம், கட்டிலில் படுத்திருந்த நோயாளியிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, கொஞ்சம்தான் என்று அவர் சொன்னதாகச் செவிலியர் குறிப்பில் இருந்ததே. அப்போது அவர் டிரமடால் என்னும் வலிநீக்கி மருந்து எடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதே எலும்பு, வேறு எண்

மறுநாள் காலை நான் வார்டுக்குப் போனபோது மீண்டும் அவரிடமே கேட்டேன். முந்தைய நாள் உரையாடல் மலையாளத்தில் நடந்திருந்தது. நான் தமிழில் கேட்டதும் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வலி எப்படிம்மா இருக்கு?”

“வலி கொஞ்சம்தான் சார். இப்பிடிப் படுத்திருந்தா ஒண்ணுமில்ல.”

“எழுந்து நின்னா?”

“அது வலியில்ல சார். ஊன்றவே முடியாது. காலு என்னோடது இல்லாத மாதிரி விட்டுப் போகுது. லயத்துக்கு ஏறுற படியில ரெண்டு மாசமா குண்டியில உக்காந்துதான் நகர்ந்து ஏறுறேன்.”

அவர் கணக்கில் வலி என்பது படுத்திருக்கும்போதும் தொல்லை தருவது. கால் ஊன்ற முடியாதது அவருக்கு வேறொரு குறை. இந்த மதிப்பெண் முறையில் மூன்று எண் பெறுவதோ அந்த இரண்டாவது குறைதான். இயங்கும்போது வரும் வலி என்பது கடுமையான வலி என்று பொருள்படாது. உடலின் எடை எலும்பின் மீது விழும் கணத்தில் எழும் வலி அது, எஞ்சியிருக்கும் எலும்பு அந்த எடையைத் தாங்கத் திணறுகிறது என்பதற்கான அடையாளம். எனவே வலிக்கு 3.

இடத்தைப் பற்றியும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. புண் சிறிய ட்ரோகாண்டருக்குக் கீழே தொடங்குவதால் அது எலும்பின் தண்டுப்பகுதி, இரண்டே போதும் என்றார் இளநிலை மருத்துவர். சிறிய ட்ரோகாண்டருக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் வரையிலான பகுதி, உடம்பின் எடை வளைவு விசையாக மிக அதிகமாகக் குவியும் இடம். அங்கே உட்புறம் அழுத்தமும் வெளிப்புறம் இழுவையும் உச்சத்தில் இருக்கும். அதனால் அந்தப் பகுதியை ட்ரோகாண்டர் சுற்றுப்பகுதியோடு சேர்த்து மூன்று தருவதே பொருத்தம் என்று நான் எண்ணினேன். அவருடைய இரண்டை ஏற்றால் கூட்டுத்தொகை 10, என் மூன்றை ஏற்றால் 11. எப்படியும் எட்டிலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டோம். மிரெல்ஸின் தொகுப்பில் எட்டு மதிப்பெண் பெற்றவற்றில் முறிந்தவை 15 விழுக்காடு, ஒன்பதில் 33, பத்தில் 72. ஒரு கேள்வியைக் கேட்ட விதத்தால் இந்தப் பெண்மணி ஆறில் ஒன்றுக்கும் குறைவான அபாயத்திலிருந்து மூன்றில் இரண்டுக்கும் மேலான அபாயத்துக்கு இடம் மாறினார்.

இந்த எண்களை அளவுக்கு மேல் நம்பவும் கூடாது. அந்தத் தொகுப்பில் இருந்தவை 38 நோயாளிகளின் 78 புண்கள் மட்டுமே, அதுவும் கம்பி வைக்காமல் கதிர்வீச்சு மட்டும் பெற்றவை. பல மருத்துவர்களிடம் இம்முறையைச் சோதித்த 2003-ஆம் ஆண்டு ஆய்வு, முறியப்போகும் எலும்புகளில் 91 விழுக்காட்டை இது கண்டுபிடிக்கிறது என்றும், முறியாதவற்றைச் சரியாக ஒதுக்குவது 35 விழுக்காடு அளவுக்கே என்றும் காட்டியது. அதாவது இதை மட்டும் நம்பிக் கம்பி வைத்தால், தேவையில்லாத அறுவைச் சிகிச்சைகள் பல நடக்கும். அதனால் சிடி ஸ்கேன் எடுத்தோம். புறணி, அதாவது எலும்பின் கெட்டியான வெளிச்சுவர், நீளவாட்டில் 38 மில்லிமீட்டர் அரிக்கப்பட்டிருந்தது. நீளவாட்டு அரிப்பு 30 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ சுற்றளவில் பாதிக்கு மேல் போனாலோ முறிவு அபாயம் அதிகம் என்பது நெதர்லாந்து நோயாளிகளைக் கொண்டு 2004-இல் வெளியான ஆய்வின் முடிவு. இவருக்குச் சுற்றளவு அரிப்பு பாதியை எட்டவில்லை என்றாலும் முதல் அளவுகோல் தாண்டப்பட்டிருந்தது. இரண்டு வழிகளும் ஒரே பக்கம் கைகாட்டின.

காத்திருந்த ஒரு வாரம்

உடனே அறுவை அரங்குக்குப் போகாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. புற்றுநோய் எலும்பில் பரவியிருப்பது இவரிடம் இதுவரை திசு மூலம் உறுதிப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய மார்பகப் புற்றுநோய் என்பதால் இதுவும் அதுவே என்று கருதுவது இயல்பு. ஆனால் அந்தப் புண் எலும்பிலேயே முளைத்த சார்க்கோமாவாக இருந்து, எலும்பின் உட்குழியைக் குடைந்து கம்பியைச் செலுத்திவிட்டால், புற்றணுக்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழு எலும்பிலும் பரப்பப்பட்டு, காலைக் காப்பாற்றும் வாய்ப்பே போய்விடும். சிறுநீரகத்திலிருந்தோ தைராய்டிலிருந்தோ பரவியதாக இருந்தால் புண்ணில் இரத்தக் குழாய்கள் அடர்ந்திருக்கும். முன்கூட்டியே அவற்றை அடைக்காமல் குடைந்தால் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது கடினம். ஆகவே ஊசி வழி பயாப்ஸி எடுத்தோம். பின்னாளில் அறுவைக் கீறல் விழவிருக்கும் கோட்டிலேயே ஊசியைச் செலுத்தினோம். உடல் முழுவதற்கும் எலும்பு ஸ்கேனும், மார்புக்கும் வயிற்றுக்கும் சிடியும் எடுக்கப்பட்டன.

அந்த வாரம் முழுவதும் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. படுக்கையிலேயே மலசலப் பாத்திரம் என்பதை அவர் மானக்கேடாக நினைத்தார். மூன்றாம் நாள் இரவு மருமகளைத் தாங்கிக்கொண்டு கழிப்பறை வாசல் வரை போய்விட்டார். வார்டில் அவரைக் கடிந்துகொண்டார்கள். நான் அதை ஆதரிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு திரை போட்டிருந்தாலே அவர் எழுந்திருக்க மாட்டார், அடுத்த நாள் அதைத்தான் செய்தோம்.

திசு முடிவு ஆறாம் நாள் வந்தது. மார்பகப் புற்றுநோயே, ஹார்மோன் ஏற்பிகள் நேர்மறை. நுரையீரலும் கல்லீரலும் சுத்தம். எலும்பு ஸ்கேனில் வலது தொடையைத் தவிர இரண்டு முள்ளெலும்புகளிலும் இடது மேற்கை எலும்பின் நடுப்பகுதியிலும் கறைகள். முள்ளெலும்புகளில் தண்டுவடத்தை நெருங்கும் எதுவும் எம்ஆர்ஐ-யில் இல்லை. மேற்கை எக்ஸ்ரேயில் விட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான கரைவுப் புண் தெரிந்தது. கை 1, லேசான வலி 1, கரைவு 3, அளவு 2, மொத்தம் 7. கதிர்வீச்சு போதும் என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்.

கம்பி வைக்கும் முடிவு

கதிர்வீச்சு மருத்துவர் முன்வைத்த மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும். நோய் எலும்போடு மட்டும் நிற்கிறது, ஹார்மோன் மருந்துக்கு இணங்கும் வகை, எனவே கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து, ஊன்றாமல் பார்த்துக்கொண்டால் எலும்பு தானே கெட்டிப்படும் என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கதிர்வீச்சுக்குப் பின் எலும்பில் சுண்ணாம்பு மீண்டும் படிய மாதங்கள் ஆகும், வலியோ இரண்டு மூன்று வாரங்களில் குறைந்துவிடும். வலி குறைந்தவர் நடப்பார், எலும்பு அப்போதும் பலவீனமாகவே இருக்கும். மூன்று மாதம் கட்டிலிலேயே வைத்திருக்கலாம் என்றால் இரத்த உறைவு, படுக்கைப் புண், தசை வற்றுதல் எல்லாம் வரும். மேலும் எலும்போடு நின்ற, ஹார்மோனுக்கு இணங்கும் நோய் என்பதே அவர் ஆண்டுக்கணக்கில் வாழ வாய்ப்புண்டு என்பதைக் காட்டுகிறது. வாழ்நாள் சில வாரங்களே என்றால் இந்த அறுவையை நாங்கள் தவிர்த்திருப்போம்.

கணவருக்கு இது ஏற்கவில்லை. “ஒடியாத எலும்புல எதுக்கு சார் கம்பி? ஒடிஞ்சா வைக்கிறதுதானே வழக்கம்?” என்றார். அதற்கு நான் லயத்துப் படிகளைப் பற்றிக் கேட்டேன். சாலையிலிருந்து வீட்டுக்கு முப்பதுக்கு மேல் படிகள், மழைக்காலத்தில் பாசி பிடித்தவை. அங்கே ஒடிந்தால் கம்பளியில் கட்டித் தூக்கி ஜீப்பில் ஏற்றி மலைச்சாலையில் கொண்டுவர வேண்டும், ஒடிந்த முனை சதையைக் குத்தும், இரத்தம் போகும், அதன் பிறகும் வைக்கப்போவது இதே கம்பிதான், ஆனால் அறுவை கடினமாகும், தேறும் நாளும் கூடும் என்றேன். வைக்காமலே முறியாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அன்று இரவு குடும்பம் கூடிப் பேசி, காலையில் நோயாளியே கையொப்பமிட்டார்.

அறுவையும் அதன் பின்பும்

எட்டாம் நாள், தொடையெலும்பின் மேல்முனையிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல் வரை செல்லும் நீண்ட கம்பியை வைத்து, மேலே எலும்பின் கழுத்துக்குள் செல்லும் திருகுகளாலும் கீழே இரண்டு திருகுகளாலும் பூட்டினோம். குட்டைக் கம்பி போதாதா என்ற கேள்வி எழும். நோய் எலும்பின் வேறிடத்தில் பின்னர் தலைகாட்டலாம் என்பதால் முழு எலும்பையும் ஒரே முறையில் காப்பதே முறை. உட்குழியைக் குடையும்போது கொழுப்பும் புற்றுத் துணுக்குகளும் இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கக்கூடும். முறியாத எலும்பில் அழுத்தம் வெளியேற வழியில்லாததால் இந்த அபாயம் கூடுதல். அதனால் மெதுவாகவே குடைந்தோம். இருந்தும் ஆக்சிஜன் அளவு 98-இலிருந்து 91-க்கு இறங்கி, ஐந்து நிமிடம் கழித்தே மீண்டது. மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை.

இரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து முழு எடையையும் ஊன்றி நின்றார். காயம் ஆறிய பின், மூன்றாவது வாரத்தில், கம்பியின் நீளம் முழுவதையும் உள்ளடக்கி 20 கிரே கதிர்வீச்சு ஐந்து தவணைகளில் தரப்பட்டது. கை எலும்புக்கு ஒரே தவணையில் 8 கிரே. பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, எலும்பு கரைவதைக் குறைக்கும் ஜோலிட்ரானிக் அமிலம் தொடங்கப்பட்டது, ஹார்மோன் மருந்தும் மீண்டும் ஆரம்பமானது. ஆறாவது வாரம் வாக்கரை விட்டு ஒற்றைக் கைத்தடிக்கு மாறினார். நோயுற்ற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும் என்பது நடைப்பயிற்சியின் அடிப்படை விதி. வலது காலுக்கு இடது கை. எங்கள் பிசியோதெரபிஸ்ட் சரியாகவே கற்றுக்கொடுத்தார்.

ஏழாவது வாரம், வீட்டுத் திண்ணையில் தாழ உட்கார்ந்திருந்தவர் இடது கையால் தடியை அழுத்தி எழுந்தபோது மேற்கை எலும்பு புண் இருந்த இடத்தில் முறிந்தது. சத்தம் தமக்கே கேட்டதாகச் சொன்னார். அன்று மாலையே கொண்டுவந்தார்கள். மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படவில்லை என்பது ஓர் ஆறுதல். மேற்கைக்கும் உட்கம்பி வைக்கப்பட்டது.

எங்கே தவறினோம்

மேற்கைக்கு 7 என்று போட்ட கணக்கு அன்றைய நிலைக்குச் சரியானதே. கை எலும்புக்கு ஒன்று தரப்படுவதன் காரணம், கை உடலின் எடையைத் தாங்குவதில்லை என்பதுதான். அந்தக் காரணம் அறுவை முடிந்த இரண்டாம் நாளே இல்லாமல் போனது. வாக்கரும் தடியும் பிடித்தவரின் கை, நடக்கும் நேரமெல்லாம் எடை தாங்கும் உறுப்பாகிவிடுகிறது. எழும்போதும் தாழ உட்காரும்போதும் வளைவு விசையோடு முறுக்கு விசையும் சேர்ந்து மேற்கையின் நடுத்தண்டில் விழுகிறது. காலைக் காப்பாற்ற நாங்கள் செய்த ஏற்பாடே அந்தச் சுமையைக் கைக்கு மாற்றியது. மதிப்பெண்ணை ஒருமுறை போட்டுக் கோப்பில் வைத்துவிட்டோம், சுமை மாறியபோது மீண்டும் போடவில்லை.

கையின் கதிர்வீச்சுக்கும் முறிவுக்கும் இடையே நான்கு வாரம்தான். கதிர்வீச்சு பயனற்றுப் போனது என்று அதை வாசிக்கக் கூடாது. காலைப் பற்றிக் கதிர்வீச்சு மருத்துவரிடம் நான் எடுத்துச்சொன்ன அதே வாதம், வலி போனபின் எலும்பு கெட்டிப்படும் வரையிலான இடைவெளியே அபாயக் காலம் என்பது, கைக்கும் பொருந்தும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மீண்டும் இப்படியொருவர் வந்தால், காலுக்குக் கம்பி வைக்கும் அதே மயக்கத்தில் கைக்கும் வைப்போமா என்பதை முதலில் விவாதிப்போம். நுரையீரலுக்கு இரட்டைச் சுமை என்பதால் எல்லோருக்கும் அது உகந்ததல்ல, இவருக்கு ஆக்சிஜன் இறங்கியதைப் பார்த்தபின் நானே தயங்கியிருப்பேன். அப்படியானால் முன்கையை வைத்துத் தாங்கும் தட்டு பொருத்திய வாக்கரைக் குறைந்தது மூன்று மாதம் கொடுத்திருக்கலாம், தடியை வலது கையில் பிடிக்கச் சொல்லி நடையில் வரும் சிறு கோணலைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம், திண்ணைக்குப் பதில் உயரமான நாற்காலி ஒன்றை வீட்டில் போடச் சொல்லியிருக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

பத்தாம் மாத நிலை

தொடையில் புண் இருந்த இடத்தில் வெண்மை படிந்திருக்கிறது, கம்பியோ திருகுகளோ நெகிழவில்லை. கைமுறிவு கூடிவிட்டது, ஆனால் இடது தோளை முழுதாக உயர்த்த முடிவதில்லை. கொழுந்து எடுக்கப் போவதில்லை. லயத்துப் படிகளை நின்றபடியே ஏறுகிறார், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. மாத்திரையை மாதந்தோறும் மகன் வாங்கி வருகிறார்.

எங்கள் பிரிவின் மதிப்பெண் தாளில் வலிக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி எழுதியிருக்கிறது: கால் ஊன்றி நிற்கச் சொல்லாமல், நின்றால் என்ன ஆகிறது என்று கேட்கவும். கைக்கான கட்டத்துக்குக் கீழே இன்னொன்று: இந்தக் கையை ஊன்றி எழுவாரா?